புதன் மாலை ஐந்து மணிக்குள்

ஆம்பூர் பக்கத்துத் தோல் தொழிற்சாலை ஒன்றில் நான் பாதுகாப்பு அதிகாரியாக ஆறு வருஷம் வேலை பார்த்தேன். குடியாத்தத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். பதவியின் பெயர் பெரிதாகத் தெரியும். என் கையில் இருந்த அதிகாரம் ஒன்றே ஒன்று. மூடிய தொட்டிக்குள் யாராவது இறங்க வேண்டுமென்றால் அதற்கான அனுமதிச் சீட்டில் என் கையெழுத்து இருக்க வேண்டும்.

எங்கள் ஆலையின் பின்பக்கம் தரைக்கு அடியில் ஒரு பெரிய தொட்டி இருந்தது. தோலை ஊறவைத்து, முடி நீக்கி, பதனிடும் டிரம்களிலிருந்து வரும் கழிவு நீர் முழுவதும் முதலில் அங்கேதான் சேரும். சுத்திகரிப்பு அதற்குப் பிறகுதான். வருஷத்துக்கு ஒரு முறை அந்தத் தொட்டியைக் காலி செய்வோம். மேலே இருக்கும் சேற்றைப் பம்ப் வைத்து இழுத்துவிடலாம். அடியில் கெட்டியாகப் படிந்ததை ஆட்கள் இறங்கித்தான் வாரியாக வேண்டும்.

முடி நீக்கும் தண்ணீரில் சல்பைடு இருக்கும். பதனிடும் தண்ணீரில் அமிலம் இருக்கும். இரண்டும் கலந்தால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஒரு வாயு கிளம்பும். சேற்றைக் கிளறினாலும் அதே வாயு கிளம்பும். காற்றைவிடக் கனமானது என்பதால் தொட்டியின் அடியிலேயே தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது மூக்கில் ஏறும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நினைக்கிற நேரம்தான் மோசமான நேரம்.

நான் சொல்லப்போவது நடந்ததற்கு முந்தைய வருஷம் தொட்டியில் இறங்கிய ஒருவர் தலை சுற்றுகிறது என்று ஏணியைப் பிடித்துக்கொண்டு மேலே வந்து உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரத்தில் தெளிந்து டீ குடித்தார். அதற்குப் பிறகுதான் ஒரு திட்டம் போட்டோம். தொட்டிக்குள் காற்றை அடிக்கும் பெரிய ஊதுவிசிறி, தொங்கவிட்டு அளக்கும் வாயு மீட்டர், மயங்கியவரைக் கயிற்றில் கட்டி மேலே இழுக்கும் முக்காலி. மூன்றுக்கும் சென்னைத் தலைமை அலுவலகம் ஒப்புதல் தந்தது. விசிறியும் முக்காலியும் வந்து சேர்ந்தன. வந்த பெட்டியிலேயே ஸ்டோரில் பதினோரு மாதம் கிடந்தன.

காரணம் ஒரு மின்பலகை; முக்காலியையும் அதோடு சேர்த்தே பொருத்துவதாக இருந்தது. விசிறிக்குத் தனி லைன் இழுத்து, தீப்பொறி பறக்காத சுவிட்ச் வைத்த பலகை ஒன்று தொட்டிக்கருகே வேண்டும். அதற்கு வந்த விலைப்புள்ளியின் கெடு முடிந்துபோனது. புதிதாக வாங்கினோம், விலை கூடியிருந்தது. அது ஆலை மேலாளர் தானே ஒப்புதல் தரும் வரம்பைத் தாண்டியதால் சென்னைக்குப் போனது. கொள்முதல் பிரிவு இன்னும் இரண்டு விலைப்புள்ளி கேட்டது. அவை வருவதற்குள் முதலாவதின் கெடு மறுபடி முடிந்தது. மீட்டரையும் பலகையோடு சேர்த்தே வாங்கிக்கொள்ளலாம் என்று அதையும் நிறுத்திவைத்தார்கள். யாரும் மறுக்கவில்லை. யாரும் முடிக்கவும் இல்லை.

இதற்கிடையில் உற்பத்திப் பிரிவு ஆண்டுச் சுத்தத்துக்குத் தேதி குறித்துவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை.

மூன்று வாரம் முன்னாலேயே நான் சென்னையில் இருந்த ஆபரேஷன்ஸ் டைரக்டருக்கு மெயில் போட்டிருந்தேன். அவர் எங்கள் மூன்று ஆலைகளுக்கும் பொறுப்பு. இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய மெயில் அது. பதில் வரவில்லை. திங்கட்கிழமை காலை ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி வந்து, "மேடம், சண்டேக்கு மூணு பேர் இறங்குவாங்க. பேர் எழுதிக்கிறீங்களா?" என்று கேட்டார். எழுதிக்கொண்டேன். மூன்று பேர்கள். மூன்று வயதுகள். ஒருவருக்கு இருபத்தாறு.

அவர் போனதும் சென்னைக்கு போன் செய்தேன். டைரக்டரின் செயலாளர் எடுத்தார். நேரில் பார்த்ததில்லை. குரலைக் கேட்டால் என் வயதுதான் இருக்கும்.

"மேடம், நான் மூணு வாரம் முன்னாடி ஒரு மெயில் போட்டேன். சார் பார்த்தாரா?"

"இருங்க, பாக்கறேன்." கீபோர்டு சத்தம் கேட்டது. "பார்த்துட்டாரு. 'தகவலுக்கு' ஃபோல்டர்ல போட்டிருக்காரு."

"தகவலுக்கா?"

"ஆமாங்க. அவர் ஒண்ணும் செய்ய வேண்டியதில்லைன்னா அதுலதான் போடுவாரு. நீங்க சார்கிட்ட என்ன கேட்டிருக்கீங்க?"

"எல்லாமே எழுதியிருக்கேன் மேடம்."

"எழுதியிருக்கீங்க. பெரிய மெயிலா இருக்கு. கேக்கறது எங்க இருக்கு?"

நானும் என் திரையில் மெயிலைத் திறந்து கீழே இறக்கிக்கொண்டே போனேன். முதல் பத்தியில் திட்டம் தொடங்கிய கதை. இரண்டாவதில் விசிறி வாங்கிய விவரம். அடுத்து விலைப்புள்ளிகளின் தேதிகள், யார் யாருக்கு நினைவூட்டல் அனுப்பினேன் என்ற பட்டியல், வாயு பற்றி ஒரு பாடம். கடைசிக்கு முந்தைய வரி: 'எனவே தாங்கள் இதில் தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

"கடைசியில இருக்கு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"சார் பாதி மெயிலை கார்லதான் படிப்பாரு. வியாழக்கிழமை மதியம் ஃபிளைட். தோல் கண்காட்சிக்குப் போறாரு, திரும்ப பத்து நாளாகும். அவசரம்னா மறுபடி போடுங்க. நான் எடுத்துச் சொல்ல முடியாது மேடம், உங்க வேலை எனக்குத் தெரியாது. ஆனா வந்ததும் சார் கண்ணுல படற மாதிரி பண்றேன்."

போனை வைத்துவிட்டு என் மெயிலை எனக்கே அனுப்பி என் போனில் திறந்தேன். திரையில் தெரிந்தது இவ்வளவுதான்: தலைப்பில் 'தொட்டிப் பாதுகாப்புத் திட்டம், தற்போதைய நிலை'. கீழே 'மதிப்பிற்குரிய ஐயா, கடந்த ஆண்டு சுத்திகரிப்புப் பணியின்போது ஏற்பட்ட அனுபவத்தின் அடிப்படையில்...' அத்தோடு திரை முடிந்துவிட்டது. என் கண்ணுக்கே அது ஒரு தகவல்தான்.

மறுபடி எழுத உட்கார்ந்தேன். மெயில்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் போகும். இங்கே தமிழில் சொல்கிறேன்.

முதலில் எழுதியது கோபத்தில் வந்தது. கொள்முதல் பிரிவு பதினோரு மாதம் தூங்குகிறது என்றே எழுதிவிட்டேன். எழுதும்போது சுகமாக இருந்தது. திரும்பப் படித்தபோது இதைப் பார்த்தால் டைரக்டர் என்ன செய்வார் என்று யோசித்தேன். கொள்முதல் மேலாளரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பார். அவர் ஒரு விளக்கம் எழுதுவார். அது வந்து சேர்வதற்குள் ஞாயிறு வந்துவிடும். அழித்தேன்.

எனக்கு உண்மையில் என்ன வேண்டும்? இந்தக் கேள்விக்கே எனக்கு உடனே பதில் தெரியவில்லை என்பதுதான் வெட்கம். 'திட்டத்தை விரைவுபடுத்துங்கள்' என்று எழுத வந்தது. ஆனால் இன்றைக்கே பலகைக்கு ஒப்புதல் கிடைத்தாலும் செய்து, பொருத்தி, சோதித்து முடிக்க எட்டு வேலை நாள் ஆகும். ஞாயிற்றுக்குள் முடியாது. அப்படியென்றால் நான் கேட்க வேண்டியது வேறு. சுத்தத்தை இரண்டு வாரம் தள்ளிவைக்க வேண்டும். பலகைக்கும் மீட்டருக்கும் இப்போதே ஒப்புதல் தர வேண்டும். அந்த இரண்டும்தான். மூன்று வாரம் முன்னால் அனுப்பிய மெயிலில் இந்த இரண்டில் ஒன்றுகூட இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டரைக் கூட்டிக்கொண்டு தொட்டிக்குப் போனேன். பக்கத்து ஆலையிலிருந்து வாயு அளக்கும் கை மீட்டர் ஒன்றை அன்றைக்கு மட்டும் இரவல் வாங்கி வைத்திருந்தேன். மூடியைத் திறந்து, மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். பாதி ஆழம்வரை சத்தம் இல்லை. ஆபரேட்டர் சேற்றுப் பம்பை ஒரு நிமிஷம் ஓடவிட்டார். மீட்டர் கத்த ஆரம்பித்தது. வெளியே இழுத்துப் பார்த்தால், மனிதன் உடனே வெளியேற வேண்டும் என்று மீட்டரோடு வந்த அட்டையில் போட்டிருந்த அளவைத் தாண்டியிருந்தது.

"நாத்தம் ஒண்ணும் ஜாஸ்தியா தெரியலியே மேடம்" என்றார் ஆபரேட்டர்.

"அதான் பயமா இருக்கு" என்றேன்.

மேசைக்கு வந்து எழுதி முடித்தேன். தலைப்பு: 'புதன் மாலை 5 மணிக்குள் உங்கள் முடிவு தேவை: ஞாயிறு தொட்டிச் சுத்தத்தைத் தள்ளிவைக்க.' அதற்குக் கீழே:

'ஐயா, இரண்டு ஒப்புதல் கேட்கிறேன். ஒன்று, வரும் ஞாயிறு நடக்கவிருக்கும் தொட்டிச் சுத்தத்தை இரண்டு வாரம் தள்ளிவைக்க. இரண்டு, இணைத்துள்ள மின்பலகை, மீட்டர் விலைப்புள்ளிகளுக்கு.

தள்ளிவைக்காவிட்டால் மூன்று பேர் காற்றோட்டமும் மீட்டரும் மீட்புக் கயிறும் இல்லாமல் இறங்குவார்கள். இன்று காலை சேற்றைக் கிளறியபோது வாயு ஆபத்து அளவைத் தாண்டியது. படம் இணைத்துள்ளேன். உள்ளே ஒருவர் விழுந்தால் அவரும், காப்பாற்ற இறங்குபவரும் இறக்கக்கூடும்.

புதன் 5 மணி ஏனென்றால் விலைப்புள்ளியின் கெடு அன்றோடு முடிகிறது, ஒப்பந்தக்காரர் வியாழன் காலை ஆட்களை உறுதி செய்கிறார், தாங்கள் வியாழன் பயணம் போகிறீர்கள்.'

'இறக்கக்கூடும்' என்ற சொல்லை நான் நாலு முறை மாற்றினேன். 'அசம்பாவிதம் நேரலாம்' என்று போட்டேன். 'உடல்நலப் பாதிப்பு' என்று போட்டேன். ஒவ்வொன்றையும் போட்டதும் அந்தப் பத்தி முழுவதும் மறுபடி 'தகவலுக்கு' ஃபோல்டருக்குள் போவது போலிருந்தது. பழையபடியே விட்டேன். பழைய கதை எல்லாவற்றையும் ஐந்து வரியாகச் சுருக்கிக் கடைசியில், 'பின்னணி' என்று போட்டு வைத்தேன்.

ஆலை மேலாளருக்குத் தெரியாமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஆம்பூர்க்காரர். முப்பது வருஷமாக அதே ஆலை. எனக்கு வேலை கொடுத்ததே அவர்தான். அச்செடுத்து எடுத்துக்கொண்டு போய் அவர் மேசையில் வைத்தேன். 

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இரண்டாவது முறையும் படித்தார்.

"இன்னாம்மா இது? என்னைத் தாண்டிப் போறியா?"

"இல்ல சார். உங்ககிட்ட காட்டிட்டுதான் அனுப்பறேன். உங்களுக்கும் மெயில் காப்பி வரும்."

"சாவு கீவுன்னு எழுதியிருக்கே. இதை நாளைக்கு எவனாச்சும் வெளிய காட்டினா? பத்து வருஷமா சுத்தம் பண்றோம், ஒண்ணும் ஆகல."

"போன வருஷம் ஒருத்தர் தலை சுத்தி உட்கார்ந்தார் சார். நீங்கதான் டீ வாங்கிக் கொடுத்தீங்க."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். இந்த அறையிலிருந்து வெளியே போகும்போது எனக்கு வேலை இருக்குமா என்பதுதான் மனதில் ஓடியது. வீட்டில் அண்ணனுக்குத் தறியில் வேலை கம்மியான நேரம் அது.

"ரெண்டு வாரம் தள்ளினா இன்னா ஆவும்னு நீ எழுதவே இல்லியே" என்றார் கடைசியில். "முதல்ல அதைத்தான் அவர் கேப்பாரு. தொட்டி பாதி சேறு. ரெண்டு வாரத்துக்கு ஊறப்போடறதைப் பாதியாக் குறைக்கணும். ஒரு லாட் தோல் அனுப்பறது லேட் ஆவும். அதை எழுது. ஒளிச்சு வெக்காத, அவரே கண்டுபிடிச்சா மொத்தத்தையும் நம்ப மாட்டாரு."

பேனாவை எடுத்துத் தாளின் ஓரத்தில் அவரே குறித்துக் கொடுத்தார்.

"நான் ஒத்துக்கறேன்னு எழுதாத. எதிர்க்கறேன்னும் எழுதாத. எனக்கு மெயில் காப்பி மட்டும் போடு."

அந்த வரியைச் சேர்த்தேன். இன்னும் ஒரு வரியும் சேர்த்தேன், அதை அவரிடம் காட்டவில்லை: 'புதன் மாலைக்குள் முடிவு வராவிட்டால் ஞாயிறு அனுமதிச் சீட்டில் நான் கையெழுத்திட இயலாது.' அவரிடம் மறைத்ததுபோல் ஆகக் கூடாதென்று திரும்பவும் போய்ச் சொன்னேன். "அது உன் கையெழுத்து" என்றார், நிமிர்ந்து பார்க்காமல். செவ்வாய் மூன்று மணிக்கு அனுப்பினேன்.

அன்று மாலை பதில் இல்லை. புதன் காலையிலும் இல்லை. இன்பாக்ஸை எத்தனை முறை திறந்தேன் என்று கணக்கில்லை. கேண்டீன் மெனு வந்தது. பஸ் பாஸ் பற்றி ஒரு சுற்றறிக்கை வந்தது.  சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு மூடிவிட்டேன். மூன்று மணிக்கு மேஸ்திரி எட்டிப் பார்த்து, "மேடம், காலையில ஆளுங்களுக்குச் சொல்லிடலாமா?" என்றார். "அஞ்சு மணிக்கு மேல சொல்றேன்" என்றேன். அவர் முகத்தில் எரிச்சல் தெரிந்தது.

நாலு இருபதுக்கு என் மேசை போன் அடித்தது. டைரக்டரே பேசினார்.

"மெயில் படிச்சேன். மாஸ்க் போட்டு இறங்கினா என்ன?"

"நம்மகிட்ட இருக்கறது தூசி மாஸ்க் சார். இந்த வாயுவை அது நிறுத்தாது. வெளியிலேர்ந்து காத்து வர்ற மாஸ்க் வேணும். அது இருந்தாலும் மீட்டர் இல்லாம, மேல இழுக்கற வழி இல்லாம இறக்கக் கூடாது."

"ஆள் இறங்காம முடியாதா? முழுசா பம்ப் பண்ணி எடுக்கலாமே?"

"முக்கால்வாசி எடுக்கலாம் சார். அடியில சுண்ணாம்பு மாதிரி கெட்டிப்பட்டிருக்கு. பம்ப் இழுக்காது."

"நான் ஞாயித்துக்கிழமையே பண்ணுங்கன்னு சொன்னா?"

 "நான் சீட்டுல கையெழுத்து போட மாட்டேன் சார். அதை மெயில்லயே எழுதியிருக்கேன்."

"படிச்சேன்" என்றார்.  பின்னால் கார் ஹாரன் கேட்டது. "முன்னாடி ஒண்ணு அனுப்பியிருந்தீங்களாமே, இப்பதான் தேடி எடுத்தேன். அதுல இது எங்க இருந்தது?"

"இல்ல சார். நான் சரியா எழுதல."

"சரி" என்று வைத்துவிட்டார். திட்டினாரா, ஏற்றுக்கொண்டாரா என்று எனக்குப் புரியவில்லை. ஐந்தாகப் பத்து நிமிஷம் இருக்கும்போது மெயில் வந்தது. மூன்று வரி. சுத்தம் இரண்டு வாரம் தள்ளிவைக்கப்படுகிறது. இரண்டு விலைப்புள்ளிக்கும் ஒப்புதல், கொள்முதல் இன்றே ஆர்டர் அனுப்பவும். பலகை பொருத்தி முடித்ததும் ஆலை மேலாளர் தனக்கு எழுத வேண்டும்.

நான் அழவில்லை. கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

எல்லாரும் சந்தோஷப்படுவார்கள் என்று ஏனோ நினைத்துவிட்டேன். மறுநாள் காலை ஆலை கேட் அருகே மேஸ்திரியோடு இரண்டு பேர் நின்றார்கள். என் சீட்டில் எழுதியிருந்த மூன்று பேரில் இருவர். மூத்தவர் கணியம்பாடிப் பக்கம்.

"மெயில் போட்டு நிறுத்திட்டீங்களாமே மேடம்" என்றார். "சண்டே கூலி ரெண்டு மடங்கு. அதை நம்பி வேற இடத்துக்கு வர மாட்டேன்னு சொல்லிட்டேன். இப்ப இன்னா பண்றது?"

"உள்ள காத்து சரியில்ல அண்ணா. மீட்டர் கத்துச்சு."

"எத்தினி வருஷமா இறங்கறோம். எங்களுக்குத் தெரியாதா? எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. மேலே இருப்பவருக்கு எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்த நான், இறங்கப் போகிறவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.  மேலாளரிடம் சொல்லி, அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருக்கும் முற்றம் சுத்தம் செய்யும் வேலை வாங்கிக் கொடுத்தேன். ஒற்றைக் கூலிதான். இளையவர் வந்தார். மூத்தவர் வரவில்லை.

பலகை பத்தாவது நாள் வந்தது. இரண்டு நாளில் பொருத்தினார்கள். தள்ளிவைத்த ஞாயிறன்று காலை ஏழு மணிக்கே விசிறியைப் போட்டோம். ஒன்பது மணிக்கு மீட்டரை மேலே, நடுவில், அடியில் என்று மூன்று ஆழத்தில் இறக்கினோம். அடியில் கத்தியது. காத்திருந்தோம். நாற்பது நிமிஷம் கழித்து மறுபடி இறக்கியபோது சத்தமில்லை. பிறகுதான் சீட்டில் கையெழுத்துப் போட்டேன். இடுப்பில் பட்டை கட்டி, கயிறு முக்காலியில் மாட்டி, இருவர் இறங்கினார்கள். மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்தபடியே இருந்தார். இறங்கியவர்களில் கணியம்பாடிக்காரரும் ஒருவர். என்னிடம் பேசவில்லை.

பதினொன்றரை மணிவாக்கில் ஒரு கெட்டிப் படிவைக் கடப்பாரையால் பெயர்த்தார்கள். மீட்டர் அலறியது. "மேல வாங்க, மேல வாங்க" என்று நான் கத்தினேன். இருவரும் ஏணியில் ஏறி வந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இருமல்கூட இல்லை. விசிறி ஓட ஓட, அரை மணி நேரம் காத்திருந்து மறுபடி இறங்கினார்கள். அன்று இன்னும் இரண்டு முறை அப்படி நடந்தது. மதியத்தில் முடிகிற வேலை சாயங்காலம் ஆனது. மேஸ்திரி, "இப்டி பேஜார் பண்ணா எப்ப முடிக்கறது" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

முன்பே திட்டமிட்ட ஞாயிறன்று இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். கொள்முதல் மேலாளர் அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் பெயரை நான் எங்கும் எழுதவில்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும். நானும் போய்ச் சொல்லவில்லை.

அந்த ஞாயிறன்று மூன்றாவது முறை மீட்டர் கத்தி எல்லாரும் மேலே வந்து உட்கார்ந்திருந்தபோது கணியம்பாடிக்காரர் பட்டையைக் கழற்றிக்கொண்டே மீட்டரைக் காட்டிக் கேட்டார்.

"இது கத்தும்போது உள்ள நாத்தமே இல்ல மேடம். நெஜமா இருக்குதா, இல்ல இது சும்மா கத்துதா?"

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அந்த வாயு மூக்கை எப்படி மரக்கவைக்கும் என்று சொல்ல ஆரம்பித்தேன். இளையவரும் நகர்ந்து வந்து உட்கார்ந்தார். பாதியிலேயே, "அப்ப போன வருஷம் அவனுக்கு தலை சுத்துச்சே" என்றார் மூத்தவர். ஆமாம் என்றேன். அவர் கழற்றிய பட்டையை மறுபடி இடுப்பில் கட்டிக்கொண்டார். விசிறி ஓடிக்கொண்டிருந்தது.